ரேடியோவுக்குப் போன ரிப்போர்ட்

எங்கள் கட்டிடத்தில் எது நடந்தாலும் முதலில் ரேடியோவுக்குத் தெரியும், பிறகுதான் எனக்கு. இந்த வரிசை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனால் அவர் நிற்பது வாசல் கேட்டில், நான் நிற்பது இரண்டாம் மாடி பால்கனியில். மேலே ஏறி வருவதற்குள் சேதி பாதி ஆறிப்போய்விடுகிறது.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். தொழில் டிரைவிங் ஸ்கூல். கூரையில் பலகை வைத்த ஒரே ஒரு கார், முன்னும் பின்னும் எல் போர்டு. பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கிளட்ச், பிரேக் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். சாயங்காலம் கேட்டில் நின்று மீதி உலகத்தைப் பற்றிச் சொல்வார். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் வரன், யார் வாடகை ஏறியது, எல்லாம் அங்கே கிடைக்கும். கெட்ட மனுஷன் இல்லை. வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அவருக்கும் மெத்தைக்கடைக்காரருக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு சிநேகம். ஒருவரை ஒருவர் மாஸ்டர், ஓனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோ முதல் மாடியில் இருந்தார், மெத்தைக்கடைக்காரர் மூன்றாம் மாடியில். கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மெத்தைக்கடைக்காரரின் மனைவிக்கு முட்டிவலி வந்தபோது, வீடு இரண்டும் ஒரே ஆளுக்குச் சொந்தமானவை என்பதால், "நீ கீழ வா, நான் மேல போறேன்" என்று ரேடியோவே முன்வந்து மாற்றிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அந்த நட்பைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தோம். விரலை எடுப்பதற்குள் சண்டை வந்துவிட்டது.

காரணம் நிழல். எங்கள் வளாகத்தில் கூரை போட்ட வண்டி நிறுத்தம் ஒன்றே ஒன்றுதான். அது முதல் மாடி இடதுபக்க வீட்டுக்கு உரியது. வீட்டோடு நிழலும் தனக்கு வந்ததாக மெத்தைக்கடைக்காரர் நினைத்தார். வீட்டைத்தான் கொடுத்தேன், நிழலைக் கொடுக்கவில்லை என்று ரேடியோ நினைத்தார். முந்தி வருகிறவருக்கே இடம் என்ற கணக்கில் ரேடியோவின் கார் தினமும் கூரைக்கடியில் நின்றது. மெத்தை ஏற்றும் வேன் வெயிலில் காய்ந்தது. தினமும் காலையில் கத்தல். கொஞ்ச காலமாக மெத்தைக்கடைக்காரருக்குக் குரல் கரகரத்துப் போயிருந்தது. ரேடியோ அதையும் விடவில்லை. அவர் கடைக்குப் போன பிறகு கேட்டில் நின்று அந்தக் குரலிலேயே பேசிக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். நான் மேலிருந்து சிரிப்பேன்.

கீழ்த்தளத்தில் ஒரு லேப் இருக்கிறது. ரத்தம், சிறுநீர், சதைத் துணுக்கு எல்லாம் அங்கேயே சோதிப்பார்கள். நடத்துவது ஒரு டாக்டரம்மா. முன்னால் உட்கார்ந்து பில் போடுவதும் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் ஒரு பெண். சுறுசுறுப்பானவள், ஆனால் ஒரு வசதி பண்ணிவைத்திருந்தாள். கட்டிடத்து ஆட்களின் நம்பர்களை ஆள் பெயரில் சேமிக்காமல் வீட்டின் பெயரில் சேமித்திருந்தாள். முதல் மாடி இடது, மூன்றாம் மாடி வலது என்று. வீட்டைச் சொன்னால் எங்களுக்கெல்லாம் ஆள் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆள்கள் வீடு மாறினார்கள். லேப் ஃபோனில் நம்பர்கள் மாறவில்லை.

அந்த வாரம் ரேடியோ லைசென்ஸ் புதுப்பிக்கிற சாக்கில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்திருந்தார். மெத்தைக்கடைக்காரர் கொடுத்தது வேறு. அவர் தொண்டையிலிருந்து ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு துணுக்கு எங்கள் லேபுக்குத்தான் வந்திருந்தது. இது எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கெல்லாம் 'பஞ்சு பார்க்கப் போனேன்' என்று சொல்லியிருந்தார். ரிப்போர்ட்டை என் ஃபோனுக்கு மட்டும் அனுப்பு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதே என்று லேப் பெண்ணிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வரிசையாக ரிப்போர்ட்டுகளை அனுப்பினாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது மெத்தைக்கடைக்காரர் கூப்பிட்டார். நீ அனுப்பியதைத் திறந்தேன், சர்க்கரை அளவு போட்டிருக்கிறது, நான் சர்க்கரைக்குக் கொடுக்கவில்லையே என்றார். மேலே யார் பேர் இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் பார்த்தார்.

"இது மாஸ்டரோடது. அப்போ என்னுது எங்கம்மா போச்சு?"

அவள் லேப் ஃபோனில் 'முதல் மாடி இடது' யார் நம்பர் என்று பார்த்தாள். கடை நடத்துகிற மனுஷனுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மெதுவாக ஃபோனை வைத்துவிட்டார்.

ஊரிலேயே எந்தக் காதுக்குப் போகக்கூடாதோ அந்தக் காதுக்குப் போயிருந்தது. சாயங்காலம் ரேடியோ கேட்டில் நிற்பார். மெத்தைக்கடைக்காரர் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு பால் வாங்க இறங்குவாள். புருஷன் சொல்லவேண்டியதை அவள் கேட்டருகில் கேட்டுக்கொள்வாள்.

லேப் பெண் இரண்டு ஃபோனுக்கும் போனதை எல்லோருக்கும் நீக்கு என்ற பொத்தானை அழுத்தி எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் பார்த்தாள், ரேடியோவுக்குப் போனதில் இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. நீலமானால் அந்தப் பக்கத்தைத் திறந்தார் என்றுதான் அர்த்தம். ஃபைலைத் திறந்தாரா என்று அது சொல்லாது. எடுத்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி உட்கார்ந்துகொண்டது. ரேடியோ மாதிரி ஆளுக்கு அந்த வரி ஒன்றே போதும், ஒரு வாரத்துக்கு ஒலிபரப்பலாம். பதறிப்போய் அவள் இன்னொரு காரியம் செய்தாள். 'சாரி அங்கிள், மெத்தைக்கடை அங்கிள் பயாப்ஸி ரிப்போர்ட் தெரியாமல் உங்களுக்கு வந்துவிட்டது, தயவுசெய்து பார்க்காமல் அழித்துவிடுங்கள்' என்று தட்டி அனுப்பினாள்.

அனுப்பிவிட்டுத்தான் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

"கதவைச் சாத்தினது சரி. சாத்தின கதவு மேல உள்ள என்ன இருக்குன்னு எழுதி ஒட்டிட்டியேம்மா."

அந்த மன்னிப்பும் நீக்கப்பட்டது. ரேடியோ ஃபோனில் இப்போது இரண்டு வரி. இனி எதையும் எழுதாதே, கூப்பிட்டுப் பேசு என்றார் டாக்டரம்மா. என்ன கேட்க வேண்டும் என்றும் சொன்னார். திறந்தாரா, யாருக்காவது அனுப்பினாரா, யாராவது கூட இருந்து பார்த்தார்களா, ஃபைல் ஃபோனுக்குள் தனியாக இறங்கியிருக்கிறதா. நாம் எடுத்தது நம் செய்தியைத்தான். அவர் வேறொருவருக்கு அனுப்பியிருந்தால் அது நம் கைக்கு வராது. கேட்டு முடித்த பிறகு, அழித்துவிட்டேன் என்று அவரிடமிருந்து ஒரு வரி வாங்க வேண்டும். அதன் பிறகு மெத்தைக்கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவருக்கே தெரிந்துவிட்டதே மேடம், நாம் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று பெண் அழுதாளாம்.

"அவரா கண்டுபிடிச்சது வேற, நாம சொல்றது வேற."

ரேடியோ ஃபோனை எடுக்கவில்லை. பலமுறை அடித்தும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதை, அன்றைக்கு அவரிடம் கார் ஓட்டிப் பழகிய பாங்க் அம்மா எனக்குச் சொன்னாள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னாராம். தான் கியரைத் தப்பாகப் போட்டுவிட்டதாக இவள் பயந்திருக்கிறாள். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு திடீரென்று ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் மேலே எதையோ படித்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். அடுத்த நிமிடம் கதவைத் திறந்து இறங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு முடிந்தது, நாளைக்கு வாங்கம்மா என்றார். சொல்லிவிட்டு, இன்னும் சரியாக ஓட்டத் தெரியாத பாங்க் அம்மாவை டிரைவர் சீட்டிலேயே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்து, ஞாபகம் வந்து திரும்பி வந்தாராம்.

சாயங்காலம் டாக்டரம்மாவே அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வண்டி நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த துணியையே மறுபடி மறுபடி எடுத்தும் ஒரு வார்த்தை மேலே வரவில்லை. அவர்கள் பேசியது பின்னாளில்தான் எனக்கு லேப் பெண் வாயிலாகத் தெரிந்தது.

ரேடியோ ஃபோனை எடுத்து டாக்டரம்மா கையிலேயே கொடுத்துவிட்டார்.

"என்னுதுன்னு நெனச்சுத்தான் மேடம் திறந்தேன். ரத்தம் கொடுத்துட்டுக் காத்துக்கிட்டிருந்தேன் இல்லையா. ஃபைல் மேல வெறும் நம்பர்தான் இருந்துச்சு. நேரா கடைசிக்குப் போயி முடிவைப் பார்த்தேன். அந்த வார்த்தை எனக்கும் தெரியும் மேடம், அதுக்கு இங்கிலீஷ் படிச்சிருக்க வேண்டியதில்ல."

யாருக்கும் அனுப்பவில்லை, யாரிடமும் காட்டவில்லை என்றார். ஃபைல் ஃபோனுக்குள் தனியாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா இடத்தைக் காட்ட, அவரே அழித்தார்; அழித்தது போய்க் கிடக்கும் குப்பைப் பெட்டியையும் திறந்து காலி செய்தார். ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அனுப்புகிறேன் என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை, அங்கேயே நின்றார்.

"பேரைப் பார்த்ததும் எனக்கு உசிரு வந்துச்சு மேடம். நான் இல்ல, அவன்தான்னு. அதை நான் எந்தப் பெட்டியில போய்க் காலி பண்றது?"

அந்தக் கேள்விக்கு டாக்டரம்மா லேபில் டெஸ்ட் கிடையாது.

பிறகு டாக்டரம்மா மெத்தைக்கடைக்குப் போனார். வீட்டுக்குப் போகவில்லை, அங்கே மனைவி இருப்பாள் என்று. எங்கள் தவறால் உங்கள் ரிப்போர்ட் இன்னாருக்குப் போனது, அவர் திறந்து படித்தார், அழித்துவிட்டார், நீங்கள் புகார் கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம் என்று நின்றபடி சொன்னார். மெத்தைக்கடைக்காரர் அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ரேடியோவை அணைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள் என்று சிரித்தாராம், சிரிப்புப் பாதியில் இருமலானது. புகாரெல்லாம் வேண்டாம் என்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் அவகாசம். பெரிய டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தார்.

"வியாதியை மட்டும் கொண்டுபோய் அவ கையில கொடுக்க முடியாது டாக்டர். கூடவே இதுக்கு என்ன பண்ணப்போறோம்னும் ஒண்ணு இருக்கணும். அதை வாங்கிட்டுத்தான் வீட்டுல வாயைத் திறக்கணும்னு இருக்கேன்."

அதுவரைக்கும் ரேடியோ வாயை மூடியிருக்க வேண்டும்.

மூடியிருந்தார். அதுதான் வினையானது.

அன்று சாயங்காலம் கேட்டில் ஆள் இல்லை. மறுநாள் காலை நாங்கள் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தால், கூரைக்கடியில் இடம் காலி. டிரைவிங் ஸ்கூல் கார் வெயிலில் நிற்கிறது. ரேடியோ அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், வாயில் சத்தமே இல்லை. நான் நேராக இறங்கிப்போய் உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ரேடியோ ஒன்றுமில்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கட்டிடம் முழுக்க ஒரே பேச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம். வட்டிக்காரன் என்றார்கள், மச்சினன் கேஸ் என்றார்கள். என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

எங்களை விடுங்கள். மெத்தைக்கடைக்காரர் மனைவி எங்களைவிடக் கெட்டிக்காரி. புருஷனின் குரல் போனதும், கறிவேப்பிலையைக்கூட விழுங்க முடியாமல் ஒதுக்குவதும் அவளுக்குத் தெரியாதா? இத்தனை நாள் அதையெல்லாம் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நூல் கிடைக்கவில்லை. இப்போது அந்த ரேடியோ மனுஷன் நிழலை விட்டுக்கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கிறான். காரைத் துடைக்கும்போது அவள் இறங்கி வந்தால் நிமிராமல் குனிந்துகொள்கிறான்.

அடுத்த நாள் மதியம் என் வீட்டு வாசலில், இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில் பேச்சுக்குரல் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏற்கெனவே அடுக்கியிருந்த செருப்பு.

"மாஸ்டர்."

சண்டை வந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"சொல்லு ஓனரே."

"காரைக் கொண்டுபோய்ப் பழைய இடத்துல போடு."

எனக்குக் கையிலிருந்த செருப்பு நழுவியது. நல்லவேளை, ரப்பர்.

"அது உன் இடம்தானே," என்றார் ரேடியோ.

"என் இடம்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் சண்டை போட்டுட்டு இப்போ ஏன் விட்டே? வீட்டுல கேக்குறா. அந்த மனுஷனுக்கு உங்க மேல என்ன திடீர் பாசம்னு கேக்குறா. உன்னால ஒரு வார்த்தை வெளிய போகல, ஒத்துக்கறேன். ஆனா உன் மூஞ்சி பேசுது மாஸ்டர். லேப்ல கேட்டாங்கல்ல, அழிச்சிடுங்கன்னு? அழிச்சே இல்ல? இதையும் அழிச்சிடு. நான் சொல்ற வரைக்கும்."

ரேடியோவின் குரல், கேட்கவே முடியாத அளவு சின்னதாக:

"கத்தணுமா?"

"கத்தணும்."

"சரி."

"என் குரலை வெச்சு நக்கல் பண்ணுவியே. அதையும் பண்ணு."

"அது வேணாம் ஓனரே."

"அதான் முக்கியம். அது இல்லன்னா அவ நம்ப மாட்டா."

ஒருவர் மேலே ஏறினார், ஒருவர் கீழே இறங்கினார். ஏறினவர் நடுவில் ஒரு படியில் வெகுநேரம் நின்றார். எனக்கு அப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதை வெளியே சொன்னால் எப்படிக் கேட்டாய் என்று கேட்பார்கள் என்பதால் நானும் சும்மா இருந்தேன்.

மறுநாள் காலை கார் கூரைக்கடியில் நின்றது. மெத்தைக்கடைக்காரர் இறங்கி வந்து கத்தினார். ரேடியோ திருப்பிக் கத்தினார். பிறகு, அவர் வேனில் ஏறிப் போனதும், கேட்டில் நின்று அந்தக் கரகரத்த குரலை எடுத்தார். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய ஒலிபரப்பு நன்றாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. பாதி வாக்கியத்தில் குரல் அவருடையதாகவே உடைந்துபோனது. ஆனால் முதல் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. மெத்தைக்கடைக்காரர் மனைவி, "ஏன் அண்ணே, வேற பொழப்பு இல்லையா உங்களுக்கு?" என்று பழையபடி திட்டினாள். திட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ரேடியோ எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றுகொண்டார்.

இப்படியே சில காலைகள் போயின. லேப் பெண் மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம், அங்கிள், அந்த ஒரு வரி இன்னும் அனுப்பவில்லையே, மேடம் கேட்கிறார்கள் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்தாள். அழிச்சாச்சும்மா, அனுப்பறேன் என்பார். அனுப்பவில்லை.

ஒரு சனிக்கிழமை மெத்தைக்கடைக்காரர் தனியாகப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கடையைத் திறக்கவில்லை. மத்தியானம் அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அடுப்புச் சத்தம் இல்லை, டிவி சத்தம் இல்லை. அவர் மனைவியிடம் அறுவை சிகிச்சை, அதன் பிறகு கதிர் சிகிச்சை, ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்று, ஆனால் குரல் பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாராம். அவள் கேட்டது ஒன்றுதான்: எனக்கு முன்னால் இது யாருக்குத் தெரியும்? அவர் அதையும் சொன்னார். இதையெல்லாம் அவர்களே பின்னால் எங்களிடம் சொன்னார்கள். சொன்னதால்தான் எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் இறங்கி வந்தாள், முட்டியில் கைவைத்து ஒவ்வொரு படியாக. ரேடியோ காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பால்கனியில் வெறுங்கையோடு நின்றேன், துணிகூட இல்லை. அவள் அழுதிருந்தாள் என்பது அங்கிருந்தே தெரிந்தது. அவரைப் பார்த்து நேராக நின்றாள்.

"அண்ணே, காரை எடுங்க. எங்க வண்டி இனிமே இங்க நிக்கணும். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் வரணும், சூடேறின வண்டியில உக்கார வைக்க முடியாது."

கட்டிடமே அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியோ முதல் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் சொன்னாரு எனக்கு," என்றாள் அவள். "அவர் வாயால சொன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போதும்ணே. எடுத்துடுங்க."

ரேடியோ கதவைத் திறந்து உட்கார்ந்தார். கிளம்பும்போது வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. எத்தனையோ பேருக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்த மனுஷன். மறுபடி எடுத்து, மெதுவாகப் பின்னால் வந்து, வெயிலில் நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடிக்குள் குனிந்து ஃபோனில் எதையோ தட்டுவது தெரிந்தது.

கீழே லேப் கவுன்டரில் ஃபோன் ஒலித்தது. அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள். நீக்கப்பட்ட இரண்டு வரிகளுக்குக் கீழே அவர் அனுப்பியிருந்தார்: 'அழித்துவிட்டேன்.'